பிளக்கை எடுக்கச் சொல்வது எப்படி?

இத்தாலியில் விற்கும் மின்சார கெட்டிலின் கையேட்டில் கட்டளைகள் பெரும்பாலும் யாரையும் விளிக்காத வடிவில் இருக்கும். "தண்ணீர் ஊற்று", "ஊற்றுங்கள்" என்பவற்றுக்குப் பதிலாக, "ஊற்ற" என்ற எச்சத்தைப் போன்ற வெர்சாரே என்ற சொல்லே நிற்கும். தமிழில் கதவுகளில் ஒட்டியிருக்கும் "மூடவும்" இதற்கு நெருங்கிய உறவு. அங்கும் "மூட" என்ற எச்சத்தோடு ஓர் "உம்" சேர்ந்து, வாசிப்பவரை நீ என்பதா நீங்கள் என்பதா என்ற கேள்வியே எழாமல் செய்துவிடுகிறது.

இத்தாலிய மொழியில் அந்தக் கேள்விக்குக் கிளைகள் அதிகம். பிளக்கை எடுக்கச் சொல்லும்போது, பழகியவரிடம் ஸ்தாக்கா, மரியாதைக்குரிய ஒருவரிடம் ஸ்தாக்கி, பலரிடம் ஸ்தக்காத்தே, பொதுவான கட்டளையாக ஸ்தக்காரே. நான்கும் இலக்கணப்படி சரியானவை. ஆங்கில மூலத்திலோ எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ஆகவே எந்த வடிவம் என்பதை மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்துக்கு முன்பே முடிவுசெய்து, கடைசிப் பக்கம் வரை காக்க வேண்டும். செல்பேசிச் செயலியோடு வரும் கருவிகளில் "நீ" வடிவமும் உண்டு. திரையில் ஒன்றும் தாளில் மற்றொன்றும் வரும்போதுதான் தொல்லை.

இந்தக் கலப்பை அடையாளம் காண்பதில் ஒரு பொறி இருக்கிறது. இத்தாலிய மொழியில் "நீ" வடிவத்தின் எதிர்மறை, பொதுக் கட்டளையின் எதிர்மறையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. "முக்காதே", "முக்க வேண்டாம்" இரண்டுக்கும் நோன் இம்மேர்ஜெரே என்பதே சொல். தமிழில் இப்படி ஒரு குழப்பம் இல்லை. "செய்யாதே", "செய்ய வேண்டாம்" என்று கண்ணுக்கே வேறுபாடு தெரிந்துவிடும்.

ஒரு கெட்டில் கையேட்டில் இது எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். பழைய மாடலின் கையேடு பொதுக் கட்டளையில் இருக்கிறது. புதிய மாடலுக்கான பக்கங்களை இன்னொருவர் "நீ" வடிவில் எழுதிச் சேர்க்கிறார். எச்சரிக்கைப் பகுதி இப்படி அமைகிறது: கெட்டிலைத் தண்ணீரில் முக்க வேண்டாம், துடைப்பதற்கு முன் பிளக்கை எடுக்கவும், அதை ஆற விடவும். முதல் வாக்கியத்தை எவர் எழுதியிருந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவதில் ஒருவர் ஸ்தக்காரே என்பார், மற்றவர் ஸ்தாக்கா என்பார். மூன்றாவதில் வேறுபாடு ஏறக்குறைய ஓர் எழுத்துக்குச் சுருங்கிவிடுகிறது: லஷார்லோ, லாஷலோ. எச்சரிக்கைப் பக்கங்களில் தடைகளே மிகுதி என்பதால் மேலோட்டமாகப் படிப்பவருக்கு எல்லாம் சீராகத் தோன்றும். செய்யச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் தனியே எடுத்துப் படித்தால்தான் ஒட்டுப்போட்ட இடம் தெரியும்.

அடுத்தது எச்சரிக்கையின் தலைப்புச் சொல். அமெரிக்கத் தரநிலையான அன்ஸி இசட்535 ஆபத்தைப் படிகளாகப் பிரிக்கிறது. தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ கடுங்காயமோ நிச்சயம் என்றால் ஒரு சொல். நேரக்கூடும் என்றால் வேறொரு சொல். லேசான அல்லது மிதமான காயம் என்றால் மூன்றாவது சொல். இத்தாலியில் இவற்றுக்குப் பெரீக்கொலோ, அவ்வெர்தென்ட்ஸா, அத்தென்ட்ஸியோனே என்று வைப்பது வழக்கம். கடைசிச் சொல் தெருவில் எவரும் "ஏய், பார்த்து!" என்று கத்துவதும்கூட. அதனாலேயே அது நடுப்படிக்கும் நழுவி ஏறிவிடுகிறது. அப்போது மின்னதிர்ச்சி பற்றிய எச்சரிக்கையும் சூடான கைப்பிடி பற்றிய எச்சரிக்கையும் ஒரே தலைப்பின் கீழ் வந்து, மூலத்தில் இருந்த படிநிலை மறைந்துபோகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் கச்சிதமாக மொழிபெயர்த்த பிறகும் இது நேரலாம். மூலத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரே இத்தாலியச் சொல் என்று பட்டியல் போட்டு, முடிந்தபின் இரு மொழிகளிலும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே வழி. எண்ணிக்கை ஒத்துவராத இடத்தில் பிழை இருக்கும்.

சில வாக்கியங்களில் மொழிபெயர்ப்பாளருக்குச் சுதந்திரமே இல்லை. வீட்டு மின்கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 60335-1, கையேட்டில் இடம்பெற வேண்டிய சில எச்சரிக்கைகளின் சாரத்தைத் தானே வரையறுக்கிறது. 8 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகள் எந்த நிபந்தனையில் கருவியைப் பயன்படுத்தலாம் என்பது அவற்றில் ஒன்று. அதன் இத்தாலியப் பதிப்பில் உள்ள சொற்களை எடுத்தாள்வதே முறை. நடையை அழகுபடுத்த அங்கே இடமில்லை.

அதே எச்சரிக்கையில் "குழந்தைகள் கருவியோடு விளையாடக் கூடாது" என்றும் வருகிறது. இதற்குப் பொதுக் கட்டளை பொருந்தாது. கட்டளை வாசிப்பவரை நோக்கியது; விளையாடக் கூடாதவர்களோ குழந்தைகள். எனவே வடிவ ஒருமையை இங்கே தளர்த்தி, நோன் தேவோனோ என்று படர்க்கையில் எழுத வேண்டும். நயமாக இருக்கட்டும் என்று அதை நோன் தொவ்ரெப்பேரோ ஆக்கினால், "விளையாடாமல் இருப்பது நல்லது" என்று பொருள் இளகி, தடை வெறும் ஆலோசனையாகிவிடும்.