ஒரே படுக்கையறையில் நான்கு மாதம்

சென்னை பெரம்பூரில் வாடகைக்கு ஒரு வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, ஒரே குளியலறை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், ஆறு வயதில் ஒரு குழந்தை. கோவில்பட்டிப் பக்கமிருந்து கணவனின் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ‘ஆறு வாரத்தில் நடந்துவிடுவார்’ என்கிறார் மருத்துவர். அப்புறம் பிசியோதெரபி, அப்புறம் மறுபரிசோதனை, அப்புறம் ‘வெயில் தாழட்டும், போய்க்கொள்ளலாம்’. இப்படியே நான்கு மாதம் ஓடிவிடுகிறது. இது நான் எழுதிப்பார்க்கும் ஒரு வீடுதான். ஆனாலும் இதைப் படிக்கிற பலருக்கு இந்த வீட்டின் கதவு எண் தெரிந்திருக்கும்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மாமியார் கொடுமைக்காரி இல்லை, மருமகளும் பெரியவர்களைப் பாரமாக நினைக்கிறவள் இல்லை. அப்படியிருந்தும் மூன்றாவது மாதத்தில் கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். வந்தவர்களோடு ஒரு சண்டையும் இல்லாதபோது இவர்களுக்குள் ஏன் இப்படி?

அம்மாவுக்குக் கட்டில் வேண்டும், இரவில் குளியலறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் படுக்கையறை பெரியவர்களுக்குப் போய்விடுகிறது. தம்பதியும் குழந்தையும் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். மருமகளின் பீரோ உள்ளே இருக்கிறது. காலையில் வேலைக்குக் கட்டும் புடவையை எடுக்கக்கூட அவள் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாமனாருக்கு நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஹாலைக் கடந்துதான் அவர் பால் வாங்கப் போக வேண்டும், அதனால் விளக்கைப் போடுகிறார். அவர் எழுந்த பிறகு அவள் படுத்திருக்க முடியாது. மாலையில் வேலை முடிந்து வந்தாலும் நைட்டிக்கு மாறிக் காலை நீட்டி உட்கார இடமில்லை. அலுவலகத்தில் பகல் முழுக்க ஒரு பணி என்றால், வீட்டில் இன்னொன்று காத்திருக்கிறது. கணவனுக்கு இது கண்ணில் படுவதில்லை. அது அவன் அப்பா, அம்மா. அவர்கள் முன்னால் பனியனோடு உட்கார அவனுக்கு என்ன தடை? அவனுக்கு வேறு பாரம். அம்மாவின் வலி, சிகிச்சைக்கு வாங்கிய கடன், மனைவி முகம் சுளித்துவிடுவாளோ என்ற பயம். ஒரே வீட்டில் இருவரும் இருவேறு காரணங்களால் களைத்துப்போகிறார்கள். மற்றவரின் களைப்பு இருவருக்குமே தெரிவதில்லை.

தெரியாமல் போவதற்குக் காரணம், அதைச் சொல்ல இடம் இல்லாததுதான். முன்பு குழந்தை தூங்கியபிறகு கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் பேசுவார்கள். மேலாளர் திட்டியது, சீட்டுப் பணம், ‘உங்கம்மா இன்னைக்கு இப்படிச் சொன்னாங்க’ எல்லாம் அங்கே கரைந்துவிடும். சாத்துவதற்கு ஒரு கதவு இல்லாமல் போனதும் அந்தப் பத்து நிமிடமும் போய்விடுகிறது. பெரியவர்களிடம் காட்ட முடியாத எரிச்சல், காட்டக்கூடிய ஒரே ஆள்மீது திரும்புகிறது. டம்ளரைக் கழுவாமல் வைத்தது, மோட்டார் போட மறந்தது என்று சண்டை ஆரம்பிக்கிறது. அதுவும் அடிக்குரலில். அடிக்குரல் சண்டைக்கு ஒரு கெடுதல் உண்டு: அதை முழுதாகப் போட்டு முடிக்கவே முடியாது. பாதியில் யாராவது தண்ணீர் குடிக்க வந்துவிடுவார்கள். மீதி மனசுக்குள்ளேயே கிடக்கும்.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கேரி எவன்ஸ், புனே பல்கலைக்கழகத்தின் பல்சானே முதலியோரோடு சேர்ந்து புனே நகரக் குடும்பத் தலைவர்களிடம் நடத்திய ஆய்வு 1989-ல் வெளியானது. நெரிசலான வீடுகளில் இருந்தவர்களிடம் மனத்துயரத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கூடவே, சுற்றியிருப்பவர்களின் ஆதரவு தங்களுக்கு இருக்கிறது என்ற உணர்வும் குறைந்திருந்தது. வீடு நிறைய ஆள் இருந்தும் துணை குறைகிறது. நெருக்கடியைத் தாங்க மனிதர்கள் உள்ளுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். ஆண்களை மட்டும் கேட்ட ஆய்வு இது. அடுக்களையில் நின்றவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

இந்த ஒதுங்கலைத்தான் தம்பதிகள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவன் அலுவலகத்திலிருந்து அரைமணி நேரம் தாமதமாக வருகிறான், வந்ததும் போனைப் பார்க்கிறான். ‘என்மேல அக்கறையே இல்லை’ என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். அவள் வாய் திறக்காமல் வேலை செய்கிறாள். ‘எங்க வீட்டு ஆட்கள் வந்தா இவளுக்கு இப்படித்தான்’ என்று அவன் முடிவு கட்டுகிறான். அவள் கேட்கக் கேட்க அவன் இன்னும் விலகுகிறான், அவன் விலக விலக அவள் இன்னும் அழுத்திக் கேட்கிறாள். எல்லை தாண்டிவிட்டதை அறிய இரண்டு அடையாளங்கள் போதும். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் சண்டை போடுவது ஒன்று. பால், ஃபீஸ், மாத்திரை தவிர வேறு பேச்சே இல்லாமல் ஒரு வாரம் ஓடுவது இன்னொன்று.

இதை ஏதோ ஒரு வீட்டுக்காரரின் சகிப்புத்தன்மைக் குறைவாகப் பார்ப்பது நியாயமில்லை. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிட மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2012-ல் அதை ஏறத்தாழ 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 1.5 கோடி, வீடே இல்லாதவர்களின் கணக்கு அல்ல, நெரிசலான வீடுகளில் வாழும் குடும்பங்களின் கணக்கு. மணமான தம்பதிக்கென்று தனி அறை இல்லாததை அந்தக் குழு நெரிசலின் அளவுகோலாகக் கொண்டது. சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், அது சொகுசு இல்லை.

சரி, அறையைக் கூட்ட முடியாது. பேச்சுக்கான இடத்தை வெளியே எடுத்துப்போகலாம். மொட்டை மாடியோ தெருமுனைக் கடையோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் இருவர் மட்டும். சண்டை வந்த நாளில் மட்டும் போனால் பயனில்லை, தினமும் போக வேண்டும். ‘கொஞ்சம் நடந்துட்டு வர்றோம்மா, பிள்ளையைப் பார்த்துக்கோங்க’ என்று மகன்தான் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் வேறு மாதிரி கேட்கும். பீரோவை ஹாலுக்கு இழுத்துப் போடுவதும், அதிகாலைக்கு ஒரு சின்ன விடிவிளக்கு மாட்டுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அவரவர் பெற்றோரிடம் பேச வேண்டியதை அவரவரே பேச வேண்டும். மனைவியின் தம்பி வேலை தேடி வந்து மாதக்கணக்கில் தங்கினாலும் இதே விதிதான். அவனிடம் அக்காதான் பேச வேண்டும்.

கடினமானது, ‘எப்போது ஊருக்கு?’ என்ற கேள்வி. வந்தபிறகு அதை யார் கேட்டாலும் விரட்டுவதுபோல் இருக்கும். உண்மையில் பெரியவர்களுக்கும் அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. ஊரில் திண்ணையும் பக்கத்து வீட்டுப் பேச்சும் இருந்தன. இங்கே நாலு சுவரும் டிவியும்தான். போகிறேன் என்றால் மகன் மனம் நோகுமோ என்று அவர்களும் வாயைத் திறப்பதில்லை. அதனால் நாளை மருத்துவரின் கணக்கோடு சேர்த்துவிடுவது நல்லது. ‘மறுபரிசோதனை இந்தத் தேதி, அதற்கு அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட்’ என்று முன்பே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நாள் தெரிந்த சிரமத்தை மனிதர்கள் எவ்வளவோ தாங்கிக்கொள்வார்கள்.

திரும்பிப் போக ஊரில் வீடே இல்லாத பெற்றோருக்கு இந்த யோசனை பொருந்தாது. அது தங்கல் இல்லை, கூட்டு வாழ்க்கை. அங்கே படுக்கையறையை யாருக்குக் கொடுப்பது என்பதையே முதலிலிருந்து பேச வேண்டும். கைநீட்டலும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு மொட்டை மாடிப் பேச்சு மருந்தாகாது. அங்கே பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். அம்மா அப்பாவை அழைத்துவர டிக்கெட் போடும் அன்றைக்கே, அவர்கள் திரும்பும் மாதத்தையும் நால்வரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேச்சைக் கணவன் ஆரம்பிக்கட்டும்.