மொட்டை மாடியில் 273 வோல்ட்

சோலார் பேனல் பொருத்தும் டெக்னீஷியன் தன் அனுபவத்தை எழுதிக் காட்டும் தாளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் முன்னால் நிற்கும்: எத்தனை இடங்களில் பொருத்தினார், மொத்தம் எத்தனை கிலோவாட் என்பவை. இரண்டாவது எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஒரு நூற்பாலைக் கூரையில் 150 கிலோவாட் அமைத்த குழுவில் பேனல் தூக்கிக் கொடுத்தவரும் அந்த 150-ஐத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். 30 வீடுகளில் தலா 3 கிலோவாட் பொருத்தியவரின் கணக்கு 90-தான். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பழைய ஒயரிங்கையும் பலவீனமான கைப்பிடிச் சுவரையும் முப்பது தடவை பார்த்தவர் அவர். ஆகவே உருப்படியான பட்டியலில் இடம், மாதம், திறன் ஆகியவற்றோடு அவர் அங்கே செய்த வேலை என்ன என்பதும் இருக்கும்: இரும்புச் சட்டம் அமைத்தாரா, ஒயர் இழுத்தாரா, கடைசிச் சோதனையைச் செய்து கையெழுத்திட்டாரா?

திறன் என்பதிலும் இரண்டு கணக்கு உண்டு. மதுரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். 545 வாட் பேனல்கள் ஆறு. சேர்த்தால் 3,270 வாட். கீழே இருக்கும் இன்வெர்ட்டரோ 3 கிலோவாட். இது ஏமாற்று அல்ல. பேனலில் அச்சிட்ட வாட் 25 டிகிரி வெப்பத்தில் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. மதுரை வெயிலில் பேனல் 55 டிகிரிக்கும் மேல் காயும், அப்போது அந்த அளவு வராது. அதனால் இன்வெர்ட்டரைவிடப் பேனலைச் சற்றுக் கூட்டிப் போடுவது வழக்கம். பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் வைத்தாலும் அதே தொகைதான். வீட்டுப் பட்டியல்களில் 3 என்ற எண் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். 3 கிலோவாட்டுக்கு தினம் 20 யூனிட் என்று சொல்பவர் எத்தனை வீடு முடித்திருந்தாலும் நம்பத்தக்கவர் அல்லர்.

சான்றிதழ்களில் அடிக்கடி காண்பது சூரியமித்ரா. குருகிராமில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015-இல் தொடங்கிய பயிற்சி இது. ஏறக்குறைய மூன்று மாதம். ஐடிஐ முடித்த எலக்ட்ரீஷியன்கள் நிறையப் பேர் இதில் சேர்கிறார்கள். பேனலைப் பொருத்தவும் இணைக்கவும் சோதிக்கவும் கற்றவர் என்பதற்கு இது சான்று. ஆனால் வீட்டு மின்பெட்டியைத் திறந்து மின்வாரிய இணைப்போடு சேர்க்க இது மட்டும் போதாது. அந்த வேலைக்கு மின் ஒப்பந்ததாரர் உரிமமும், மாநில அரசு வழங்கும் ஒயர்மேன் அல்லது மேற்பார்வையாளர் தகுதிச் சான்றும் வேண்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கு வரும் குழுவில் அவை இருந்தால் போதும். இன்வெர்ட்டர் கம்பெனி நடத்தும் ஒருநாள் வகுப்பின் தாளும் சில கோப்புகளில் இருக்கும். அது அந்த இன்வெர்ட்டரைப் பற்றித் தெரியும் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

இவை எல்லாவற்றையும்விட டெக்னீஷியனின் தரத்தைக் காட்டுவது வேலை முடிந்த அன்று அவர் எழுதும் சோதனைத் தாள். மதுரை வீட்டுக்கே திரும்பலாம். ஆறு பேனல்களும் ஒரே வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. பேனலின் பின்புற அட்டையில் உள்ள திறந்தநிலை வோல்டேஜ் 49.5. ஆறுக்கு 297. ஆனால் சூடு ஒரு டிகிரி ஏறினால் இது சுமார் 0.27 சதவீதம் இறங்கும். 25-இலிருந்து 55 டிகிரிக்குப் போனால் இறக்கம் 8 சதவீதம். ஆக மீட்டர் 273 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இந்த எண்ணை மீட்டரைத் தொடுவதற்கு முன்பே கணக்கிட்டு எழுதி வைப்பவர்தான் வேலை தெரிந்தவர்.

ஏனென்றால் குறையும் வோல்டேஜே கோளாறு எது என்று சொல்லிவிடும். 258 வந்தால் ஏதோ ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. பேனலுக்குள் இருக்கும் மூன்று டயோடுகளில் ஒன்று கெட்டிருக்கலாம். 228 என்றால் ஒரு பேனல் முழுதாகக் கணக்கில் இல்லை. 182 என்றால் ஒரு பேனல் தலைகீழாக இணைந்து, தன் வோல்டேஜை மற்றவற்றிலிருந்து கழிக்கிறது. மேகம் வந்தால் கரன்ட் பாதியாகக்கூடக் குறையும், வோல்டேஜ் அவ்வளவாகக் குறையாது. அதனால் மேகத்தைக் காரணம் காட்டி 228-ஐ நியாயப்படுத்த முடியாது.

அடுத்தது மெக்கர் சோதனை. 500 வோல்ட் கொடுத்து ஒயருக்கும் எர்த்துக்கும் இடையிலான தடையை அளக்கிறார்கள். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால், சட்டத்தின் கூர்விளிம்பில் உரசி ஒயரின் தோல் கிழிந்திருக்கும், அல்லது இணைப்பியில் தண்ணீர் புகுந்திருக்கும். இந்தச் சோதனையைத் தவிர்த்த வீடுகளில் கோளாறு பிறகு ஒரு வினோதமான முறையில் வெளிப்படும்: பனி பெய்த காலையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கோடு நிற்கும், வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடத் தொடங்கும்.

பாதுகாப்பில் வீட்டு எலக்ட்ரீஷியனின் பழக்கம் மாடியில் செல்லாது. வீட்டில் மெயினை அணைத்தால் ஒயர் செத்துவிடும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. மின்வாரியத்தில் மின்தடை என்றால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், ஆனால் மாடியிலிருந்து இறங்கும் ஒயரில் 273 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். வீட்டு ஒயரிங்கில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து எம்சிபி விழும். பேனல் வரிசையிலோ ஓடும்போது சுமார் 13 ஆம்பியர், ஷார்ட் ஆனாலும் 14. ஃபியூஸுக்கு வித்தியாசமே தெரியாது. சரியாக நெரிக்காத ஓர் இணைப்பியில் தோன்றும் தீப்பொறி அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது இதனால்தான். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டிசிக்கு அந்த இடைவெளி இல்லை. ஆகவே டிசி பெட்டியில் ஏசி எம்சிபியை மாட்டுவது பெரிய தவறு. விலை குறைவு என்பதால் அதைச் செய்பவர்கள் உண்டு. எம்சிபியின் முகப்பில் அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏசிக்கானது. டிசி என்ற குறியும் அதன் வோல்டேஜும் இருக்கின்றனவா என்று எவரும் பார்க்கலாம்.

பழுது பார்க்கும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் ஏசி சுவிட்ச், பிறகு டிசி சுவிட்ச், பிறகு இன்வெர்ட்டரின் உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்க ஐந்து நிமிடம் அல்லது அதன் கையேடு சொல்லும் நேரம். அதன்பின் கிளாம்ப் மீட்டரில் கரன்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகே இணைப்பியைப் பிரிக்க வேண்டும். கரன்ட் ஓடும்போது பிரித்தால் பொறி கைக்கு நேராக வரும். இடுப்பு பெல்ட்டுக்குப் பதிலாக உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸ் வேண்டும்; அதன் கயிற்றைப் பேனல் சட்டத்திலோ தண்ணீர்க் குழாயிலோ கட்டக் கூடாது, இரண்டுமே விழும் ஆளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பட்டியலைக் கொண்டுவரும் டெக்னீஷியனிடம் அவர் கடைசியாக முடித்த மூன்று வீடுகளின் சோதனைத் தாள்களைக் கேளுங்கள். உங்கள் வீட்டுத் தாளில் வோல்டேஜ், மெக்கர் அளவு, எர்த் அளவு, கையெழுத்து ஆகிய நான்கும் ஏறும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.