தூணின் நீளம் எங்கிருந்து எங்கு வரை?

மெலிந்த தூணின் தலையில் சுமை கூடிக்கொண்டே போனால், பொருள் நசுங்குவதற்கு வெகு முன்பே தூண் பக்கவாட்டில் நெளிந்துவிடும். 30 செ.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிப்புள்ள எஃகு அளவுகோலைச் சமையலறைத் தராசின் மேல் செங்குத்தாக நிறுத்தி, உச்சியை உள்ளங்கையால் அழுத்தினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏறத்தாழ நாலரை கிலோ வரை அளவுகோல் நேராகவே நிற்கும். அதற்கு மேல் வில்லாக வளையும். கையை இன்னும் கொஞ்சம் இறக்கினால் வளைவு கூடுமே தவிர, தராசின் முள் அநேகமாக அதே இடத்தில் நிற்கும். அந்த எஃகை நசுக்க வேண்டுமானால் 600 கிலோவுக்கு மேல் வேண்டும். கையை எடுத்ததும் அளவுகோல் பழையபடி நிமிர்ந்துவிடுவதால், இதை மீட்சி நெளிவு என்கிறார்கள்.

முள் நகராமல் நிற்பதில்தான் விஷயம் இருக்கிறது. தூண் இம்மியளவு வளைந்ததும் மேலிருக்கும் சுமை நடுக்கோட்டை விட்டு விலகி, அதை மேலும் வளைக்கப் பார்க்கிறது. தூணின் விறைப்பு அதை நிமிர்த்தப் பார்க்கிறது. வளைவு இரட்டித்தால் இந்த இரண்டு முயற்சிகளும் இரட்டிக்கும். ஆகவே யார் ஜெயிப்பது என்பதை வளைவின் அளவு தீர்மானிப்பதில்லை, சுமைதான் தீர்மானிக்கிறது. இரண்டும் சரிசமமாகும் சுமையை 1744-இல் லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய வடிவில் அது இப்படி:

P = π²EI / (KL)²

E என்பது பொருளின் யங் குணகம். I என்பது வெட்டுமுகத்தின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது பொருள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு. L தூணின் நீளம். எஃகின் வலிமை இதில் எங்கும் வரவில்லை. எல்லாக் கட்டுமான எஃகுக்கும் E ஏறக்குறைய ஒன்றே என்பதால், விலை கூடிய உயர்வலிமை எஃகை வாங்கி வைத்தாலும் மெலிந்த தூண் அதே சுமையில்தான் நெளியும். மிச்சமிருப்பது K. கணக்கில் பெரும்பாலும் தவறு நுழைவது இந்த ஓர் எழுத்தின் வழியாகத்தான்.

சாரத்துக்கும் சென்ட்ரிங் முட்டுக்கும் பயன்படும் 48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. சுவர்த் தடிப்புள்ள குழாயை எடுத்துக்கொள்ளலாம். உயரம் 3 மீட்டர். இரு முனைகளும் கீல் போலத் தாராளமாகத் திரும்பக்கூடியவை, ஆனால் பக்கவாட்டில் நகராதவை என்றால் K = 1. நெளியும் சுமை 2.6 டன் வரும். அதே குழாயின் இரு முனைகளையும் அசையாமல், திரும்பாமல் இறுக்கிவிட்டால் K = 0.5 ஆகிறது. சுமை நான்கு மடங்காகி 10.4 டன்னைத் தொடுகிறது. ஒரு முனை இறுக்கம், மறுமுனை கீல் என்றால் K = 0.7, சுமை 5.3 டன். கொடிக்கம்பம் மாதிரி அடி மட்டும் இறுகி, உச்சி கட்டற்று நின்றால் K = 2. அப்போது 650 கிலோவிலேயே குழாய் சாய்ந்துவிடும். அதே குழாய், அதே உயரம், முனைகள் மட்டும் வேறு. பலமோ பதினாறில் ஒரு பங்காகிவிட்டது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது வளைந்த வடிவத்தைப் பார்த்தாலே புரியும். கீல் முனைத் தூண் ஒரே வில்லாக வளைகிறது. இறுக்கிய முனைகள் கொண்ட தூண் அப்படி வளைய முடியாது. இரு முனைகளிலும் அது செங்குத்தாகவே கிளம்பி, பிறகு நடுவில் ஒரு பக்கம் புடைக்க வேண்டும். அப்படியானால் வளைவு திசை மாறும் புள்ளி மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்தாக வேண்டும். உயரத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் அவை அமைகின்றன. அந்தப் புள்ளிகளில் வளைக்கும் திருப்புத்திறன் சுழி, அதாவது கீல் வைத்தாற்போலத்தான். ஆகவே உண்மையில் நெளியும் தூண் அவற்றுக்கு இடையேயுள்ள ஒன்றரை மீட்டர்தான். இதையே பயனுறு நீளம் என்பார்கள். கொடிக்கம்பத்தில் பாதி வில் மட்டுமே தெரிகிறது. மீதிப் பாதி கண்ணாடியில் தெரிவது போலத் தரைக்குக் கீழே இருப்பதாக வைத்துக்கொண்டால், முழு வில்லின் நீளம் 6 மீட்டர். நாடா வைத்து அளக்கும் நீளம் வேறு, தூண் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நீளம் வேறு.

புத்தகத்தின் 0.5-ஐ வேலையிடத்தில் அப்படியே நம்ப முடியாது. முழு இறுக்கம் என்பது கரும்பலகையில் மட்டுமே இருக்கிறது. அடித்தகடு கொஞ்சம் நெகிழும், போல்ட் கொஞ்சம் நீளும், அடியிலுள்ள மண் கொஞ்சம் அமுங்கும். இந்திய எஃகுக் கட்டுமான விதிநூலான IS 800:2007, இதை எண்ணித்தான் இரு முனையும் இறுகிய தூணுக்கு 0.65, ஒரு முனை மட்டும் இறுகியதற்கு 0.8 எனக் கொள்ளச் சொல்கிறது. நம் குழாயின் 10.4 டன் அந்த ஒரு மாற்றத்திலேயே 6.1 டன்னாக இறங்கிவிடுகிறது. ஈர மண்ணில் பலகைத் துண்டு போட்டு அதன்மேல் முட்டை நிறுத்தினால் அது இறுக்கமே அல்ல, கீல்தான். சந்தேகம் வந்தால், சுமை ஏறிய குழாயின் அடிப்பகுதியில் ரசமட்டத்தை ஒட்டிப் பார்க்கலாம். நடுவில் புடைத்திருந்தும் அடி ஓரடி உயரத்துக்குத் தூக்கு மாறாமல் இருந்தால் முனை ஓரளவு பிடித்து வைத்திருக்கிறது. தகட்டை ஒட்டியே சரிவு தொடங்கினால் பிடிப்பு இல்லை.

இன்னொரு பொறி பக்கவாட்டு நகர்வு. மேலே சொன்ன 0.5, உச்சி இடம் பெயராது என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. இரு முனையும் திரும்பாமல் இறுகியிருந்தும், உச்சி மொத்தமாகப் பக்கவாட்டில் நகர முடியுமானால், தூண் மெல்லிய S வடிவில் சாயும். K உடனே 1 ஆகிவிடும், சுமை கால் பங்காகச் சுருங்கும். விதிநூல் இதற்கு 1.2 கேட்கிறது. கூரைத் தளத்துக்கு வரிசையாக நிற்கும் முட்டுகளுக்கு இடையே குறுக்குக் கட்டு, அதாவது மூலைவிட்டத்தில் சாய்த்துக் கட்டும் குழாய், இதற்காகத்தான். அது சுமையில் ஒரு கிலோவைக்கூடத் தாங்குவதில்லை என்பதால், அவசரத்தில் முதலில் கழற்றப்படுவதும் அதுவே. நடு உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டும் குழாயும், அது நகராத ஒன்றோடு இணைந்திருந்தால், 3 மீட்டரை ஒன்றரை மீட்டராக்கிப் பலத்தை நான்கு மடங்காக்கும். ஒரு திசையில் மட்டும் கட்டினால் பயனில்லை. வட்டக் குழாய்க்கு எல்லாத் திசையும் ஒன்றுதான், கட்டாத திசையில் நெளிந்துவிடும்.

மேலே வந்த டன் கணக்கெல்லாம் துல்லியமாக நேரான குழாய், துல்லியமாக நடுவில் விழும் சுமை என்ற கற்பனைக்கு உரியவை. பலமுறை கழற்றி மாட்டி, லாரியில் எறியப்பட்ட குழாய் முதலிலேயே வளைந்திருக்கும். அது 2.6 டன் வரும்வரை காத்திருக்காமல் சிறிய சுமையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் புடைக்கும். எனவே அனுமதிக்கும் சுமை எப்போதும் இதைவிடக் கணிசமாகக் குறைவு.

மறுபுறம், தூண் குட்டையானால் சூத்திரமே கையை விரித்துவிடுகிறது. பயனுறு நீளத்தைச் சுழற்சி ஆரத்தால் வகுத்தால் மெலிவு விகிதம் கிடைக்கும். நம் குழாயின் சுழற்சி ஆரம் 16 மி.மீ., ஆகவே கீல் முனைகளோடு 3 மீட்டருக்கு விகிதம் 188. சாதாரணக் கட்டுமான எஃகுக்கு இந்த விகிதம் 89-க்கு மேல் இருந்தால்தான் ஆய்லரின் கணக்கு பொருந்தும். இரு முனையும் இறுகிய நிலையில் அது 94, விளிம்பில்தான் நிற்கிறது. குழாயை 1 மீட்டராக வெட்டிக் கீல் முனைகளோடு நிறுத்தினால் சூத்திரம் 23 டன் என்கும். எஃகு அதில் பாதியான 11.5 டன்னிலேயே நசுங்கத் தொடங்கிவிடும்.