படகில் வருவது ஆணா, பெண்ணா?

வங்காளத்தில் ‘ஷே’ என்றால் அவனாகவும் இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்காது, வந்தான், வந்தாள் இரண்டுக்கும் ‘எலோ’ ஒன்றுதான். மரியாதைக்கு உரியவரை ‘தினி’ என்பார்கள். அதற்கு நம்மிடம் ‘அவர்’ இருக்கிறது. ‘ஷே’ தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல்: வினைமுற்று ‘ஆன்’ என்றோ ‘ஆள்’ என்றோ முடிந்தாக வேண்டும்.

பெரும்பாலான கதைகளில் இது பெரிய பிரச்சினை இல்லை. பெயர், உறவுமுறை, உடை, ‘சுந்தரி’ போன்ற பெண்பால் அடைமொழி என்று ஏதாவது ஒன்று ஆள் யாரென்று சொல்லிவிடும். அங்கே தயங்காமல் ‘அவள்’ என்று எழுதலாம். இந்தக் குறிப்புகள் எதுவுமே இல்லாத இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் நின்று யோசிக்க வேண்டும்.

தாகூரின் ‘சோனார் தரி’ அப்படிப்பட்ட கவிதை. ‘பொன் படகு’ என்று பொருள். 1894இல் வெளிவந்த தொகுப்புக்கும் அதே பெயர். மழைக்காலத்தில், நீர் சூழ்ந்த சிறு வயலில், அறுத்த நெல்லோடு ஒருவர் தனியே உட்கார்ந்திருக்கிறார். பாடியபடி ஒரு படகு வருகிறது. ஓட்டுவது தெரிந்த ஆள் போலத் தோன்றுகிறது. நெல் முழுவதும் படகில் ஏறுகிறது. நெல்லுக்கு உரியவருக்கு மட்டும் இடமில்லை. படகோட்டியைக் காலம் என்று கொள்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் ராடிஸ் ‘அவள்’ என்று எடுத்துக்கொண்டார். மூலம் எதையும் உறுதிசெய்யவில்லை.

தமிழில் ‘யார் வருகிறான்?’ என்று கேட்டால் கதவு மூடிவிடும். ‘வருவது யார்?’ என்று கேட்டால் திறந்தே இருக்கும். ‘அவனைத் தெரியும் போலிருக்கிறது’ என்பதற்குப் பதில் ‘தெரிந்த முகம் போலிருக்கிறது’ எனலாம். எங்கும் பார்க்காமல் போவதைச் சொல்லும் வரியில் படகை எழுவாயாக்கினால் ‘போகிறது’ என்று முடித்துவிடலாம். பிறகு படகோட்டியை நேரே விளிக்கும் வரிகளில் ‘நீ’ வருவதால் அங்கே தொல்லையே இல்லை. ‘அவர்’ என்று போடுவது எளிய வழிதான். ஆனால் மூலத்தில் மரியாதைச் சொல் இல்லை, நெருக்கம் குறைந்துவிடும்.

இந்தியில் முடிச்சு வேறு இடத்தில் விழுகிறது. ‘வஹ்’ இருபாலுக்கும் பொது. ஆனால் வந்தான் என்றால் ‘ஆயா’, வந்தாள் என்றால் ‘ஆயீ’. அதோடு ‘நான்’ என்று பேசுபவருக்கும் பால் உண்டு. ஆண் ‘பைட்டா ஹூன்’ என்பார், பெண் ‘பைட்டீ ஹூன்’ என்பார். ஆகவே கரையில் உட்கார்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்பதையும் இந்தி மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்ய நேரும். தமிழில் ‘உட்கார்ந்திருக்கிறேன்’ போதும்.

இந்த உத்திகள் ஒரு கவிதைக்குத் தாங்கும். ஒரு நாவல் முழுக்க வினைமுற்றை ஒளித்து எழுதினால் நடை திணறும், படிப்பவர் களைத்துப்போவார். எனவே உழைப்பைச் செலவிட வேண்டியது, மூலத்தின் பொருளே அந்த மௌனத்தில் தங்கியிருக்கும் வரிகளில்தான். அங்கும் வழி கிடைக்காவிட்டால் ஒரு பாலைத் தேர்ந்துகொண்டு, மூலம் அதைச் சொல்லவில்லை என்று முன்னுரையில் வாசகருக்குத் தெரிவித்துவிடுவதே நேர்மை.