ஆறு மாச வேலைக்கு எவ்வளவு போனஸ்?

தீபத்துக்கு மலை சுற்ற வந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். செய்யாறு சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் 2024 அக்டோபர் 1-ல் சேர்ந்து, 2025 மார்ச் கடைசியில் கல்யாணத்துக்காக நின்றுவிட்டவள். தீபாவளிக்குப் பேங்கில் 1,749 ரூபாய் விழுந்திருந்தது. "பாதி வருஷம்தானே செஞ்சே, இவ்ளோதான்னு சொல்லிட்டாங்கண்ணா" என்றாள்.

அந்தத் தொகையில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

அவளுடைய பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 11,500. 21,000-ஐத் தாண்டாததால் போனஸ் உண்டு. குறைந்தது 30 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அதுவும் இருக்கிறது. கணக்கை மட்டும் முழுச் சம்பளத்துக்குப் போடுவதில்லை. 7,000 ரூபாய் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. எல்லோர் வாயிலும் இந்த எண்தான் நிற்கிறது. ஆனால் போனஸ் சட்டத்தின் 2015 திருத்தம், 7,000 அல்லது அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அது என்கிறது. குறைந்தபட்ச ஊதியம் தொழிலுக்குத் தொழில் மாறும். அவள் வேலைக்கு 11,000 என்று வைத்துக்கொண்டால், கணக்கு அதில்தான் தொடங்க வேண்டும். கம்பெனி 7,000-ல் தொடங்கியிருக்கிறது.

இரண்டாவது பிழைதான் எனக்கு ஆறவில்லை. ஆறு மாதத்துக்கு 42,000, அதில் 8.33 சதவீதம் 3,499. பாதி வருட வேலை என்பது இந்த 42,000-க்குள்ளேயே அடங்கிவிட்டது. அதை மறுபடி பாதியாக்கினால் 1,749. ஒரே குறைவுக்கு இரண்டு வெட்டு. சரியான கணக்கு, 11,000 வீதம் ஆறு மாதத்துக்கு 66,000, அதில் 8.33 சதவீதம் 5,498 ரூபாய்.

நடுவில் நிற்பவர்களுக்குக் கொடுப்பதே பெரிது என்பார்கள் நிர்வாகத் தரப்பில். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. திருட்டு, மோசடி, ஆலைக்குள் வன்முறை போன்றவற்றுக்காக வேலைநீக்கம் ஆனவர்தான் போனஸை இழக்கிறார். சொல்லிவிட்டு நின்றவர் இழப்பதில்லை. வேலையில் அடிபட்டு வீட்டில் கிடந்த நாள்களையும் லே-ஆஃப் நாள்களையும்கூட வேலை நாளாகவே எண்ண வேண்டும். கல்யாணம், பிரசவம் என்று பாதியில் நிற்கிற பெண்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். தீபாவளிக்கு முன்னால் கேட்டில் நின்று கேட்க அவர்கள் அங்கே இருப்பதில்லை; சங்கத்தின் பேச்சுவார்த்தையிலும் அவர்கள் பெயர் வருவதில்லை.

சந்தேகம் வந்தால் போனஸ் பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு நேரே இருக்கும் இரண்டு கட்டங்களைப் பார்த்தால் போதும்: வேலை செய்த நாள்கள், மொத்தச் சம்பளம். சம்பளக் கட்டத்தில் ஆறு மாதத் தொகை மட்டும் இருந்து, போனஸ் அதில் 8.33 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் இரண்டாவது வெட்டு விழுந்திருக்கிறது.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பிலும் 8.33 சதவீதமும் 30 நாளும் அப்படியே இருக்கின்றன.

ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவற்றோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வரவேண்டிய மீதி 3,749 ரூபாய்.