ஒரு மொட்டை மாடி, மூன்று விலை

மதுரையில் 800 சதுர அடி மொட்டை மாடி ஒன்று. ஐப்பசி மழையில் படுக்கையறையின் ஒரு மூலையில் மட்டும் ஓதம் காத்துவிட்டது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வந்த காண்ட்ராக்டர் சுத்தியலால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டியாக ஒட்டியிருந்தால் சத்தம் ‘டங்’கென்று வரும், அடியில் விட்டுப்போயிருந்தால் ‘பொத்’தென்று கேட்கும். கைப்பிடிச் சுவரோரம் ஏழெட்டு ஓடுகள் பொத்தென்றன. மற்றவை கெட்டி.

“எவ்வளவு ஆகும்?” என்றார் ஆசிரியர்.

பலரும் இங்கே ஒரே தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் ஆசிரியரால் சரி என்றோ வேண்டாம் என்றோதான் சொல்ல முடியும். வேண்டாம் என்றால் வேறொருவரைக் கூப்பிடுவார். அவர் சொல்லும் தொகை வேறு வேலைக்கானதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது.

இவர் உடனே தொகை சொல்லவில்லை. “மேல மாடி எடுக்கிற எண்ணம் இருக்கா சார்?” என்று கேட்டார். மறுநாள் ஒரே தாளில் மூன்று விலை கொடுத்தார்.

முதலாவது, சதுர அடிக்கு 28 ரூபாய் வீதம் 22,400. பொத்தென்ற ஓடுகளைப் பெயர்த்து மறுபடி பதிப்பது, ஓட்டு இடுக்குகளைச் சுரண்டிப் புதுக் கலவை அடைப்பது, சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவை வைத்துச் சரிவாகப் பூசுவது, அதன்மேல் அக்ரிலிக் பூச்சு இரண்டு கை. இரண்டாவது, 45 ரூபாய் வீதம் 36,000. அதே வேலைகளோடு, பூச்சுக்கு நடுவே மாடி முழுக்கக் கண்ணாடி நார் வலை விரித்து மூன்று கை. வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது பூச்சில் வெடிப்பு விழாமல் அந்த வலை இழுத்துப் பிடிக்கும். மூன்றாவது, 160 ரூபாய் வீதம் 1,28,000. பழைய ஓட்டையும் செங்கல் ஜல்லித் தளத்தையும் உடைத்து எடுத்து, கான்கிரீட்டின் மேலேயே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, வாட்டம் பார்த்துப் புதிதாக ஜல்லி போட்டு ஓடு பதிப்பது. மறுபடி ஒழுகினால் கூலி வாங்காமல் சரிசெய்து தரும் காலம் முறையே 2, 5, 10 வருடம்.

ஓட்டு இடுக்கும் சுவர் மூலையும் முதல் விலையிலேயே அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் இறங்குவதே அந்த வழியாகத்தான். அவற்றை விட்டுவிட்டு வெறும் பூச்சை மட்டும் ‘குறைந்த விலை’ என்று எழுதினால், அடுத்த மழையிலேயே ஒழுகும். தான் பொறுப்பேற்க முடியாத வேலையைத் தாளில் ஏற்றவே கூடாது. சில வீடுகளில் கூரையின் அடிப்பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரியும். அங்கே மேலே எந்தப் பூச்சு அடித்தும் கம்பி சரியாகாது. அந்த வீட்டுக்கு மூன்று விலை எழுதுவதே தவறு. கம்பி வேலைக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மூன்று விலைக்கு ஓர் இழுப்பு உண்டு. இட்டமார் சைமன்சன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. சுமார் 170 டாலர், 240 டாலர் என இரண்டு கேமராக்களைக் காட்டியபோது ஆட்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். 470 டாலர் கேமரா ஒன்றையும் சேர்த்துக் காட்டியதும் 57 சதவீதம் பேர் நடுவில் இருந்ததை எடுத்தார்கள். நடுவில் இருந்தது அதே கேமராதான். பக்கத்தில் ஒன்று வந்ததும் அதன் மதிப்பு கூடிவிட்டது.

ஆகவே விற்க நினைப்பதை நடுவில் வைத்து, யாரும் எடுக்காத ஒன்றை மேலே நிறுத்துவது சுலபம். அது வாடிக்கையாளரை அவருக்கே தெரியாமல் தள்ளிவிடுவதாகும். இந்தக் காண்ட்ராக்டரிடம் அதற்கு ஒரு சோதனை இருந்தது. மூன்றாவது பத்தியைக் கையால் மறைத்துவிட்டு, இரண்டாவது அப்போதும் அந்த விலை பெறுமா என்று பார்ப்பார். ஒவ்வொரு விலைக்கும் கீழே அது யாருக்குப் பொருந்தும் என்று ஒரு வரி எழுதுவார். ‘எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள்’ என்று எதிலும் எழுதமாட்டார். விலை 30 நாள் மாறாது என்று கீழே தேதியும் போட்டிருந்தார்.

பொறுப்புக் காலத்தால் வகுத்தால் வருடத்துக்கு முதலாவது 11,200, இரண்டாவது 7,200, மூன்றாவது 12,800. கணக்கு நடுவிலிருப்பதைத்தான் காட்டுகிறது. ஆனால் ஆசிரியரின் மகன் இரண்டு வருடத்தில் மேலே ஒரு வீடு எடுக்கப்போகிறான். மேலே கட்டடம் எழும்பினால் அடியிலிருக்கும் பூச்சு உடைபடும், வலையும் கூடவே போகும். முதல் விலையின் கீழே இருந்த வரி அதைத்தான் சொன்னது: ‘சில வருடத்தில் மேலே கட்டுபவர்களுக்கு.’

ஆசிரியர் நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டு முதலாவதைச் சொன்னார். காண்ட்ராக்டர் இரண்டாவதைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை. ஈரத் தளத்தில் அக்ரிலிக் பூச்சு ஒட்டாது என்பதால், மழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, தை மாதத்தில் வேலை தொடங்குவது என்று முடிவானது. பூச்சு இறுகியதும் மழைநீர் இறங்கும் குழாயின் வாயை அடைத்து, மாடியில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, படுக்கையறை மூலையைப் பார்த்த பிறகே கடைசித் தவணை வாங்குவதாக அவரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.