பத்து டிகிரிக்கு எத்தனை புள்ளி?

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் அதில் எத்தனை பங்கு பெட்ரோலாகத் தேறும்? இதற்கான 32 அளவீடுகளை பிரேட்டர் என்பவர் 1956இல் வெளியிட்டார். பத்து வகைக் கச்சா எண்ணெய். ஒவ்வொன்றிலும் பெட்ரோல் முழுவதும் ஆவியாகி முடியும் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில். அப்போது கிடைத்த பங்கு. மிகக் குறைந்த பங்கு 0.028, மிக அதிகம் 0.457. பிரேசில் புள்ளியியலாளர்கள் ஃபெராரியும் கிரிபாரி-நெட்டோவும் 2004இல் பீட்டா ரிக்ரஷனை விளக்க இந்தப் பழைய அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பங்கு என்பது சுழிக்குக் கீழே இறங்காது, ஒன்றுக்கு மேலே ஏறாது. சாதாரண நேர்கோட்டு ரிக்ரஷனுக்கு அது தெரியாது. விளிம்பை நெருங்கும்போதும் ஒரே அளவு படியாக ஏறி இறங்கிக்கொண்டே போகும். சிதறலும் எங்கும் ஒன்றுபோல இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் விளிம்பருகே அது ஒடுங்கும். பீட்டா ரிக்ரஷன் இரண்டையும் கணக்கில் கொள்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தரவில் துல்லியமாக 0 அல்லது 1 இருக்கக் கூடாது. இருந்தால் வேறு முறை வேண்டும். பேப்கேயும் வூல்ட்ரிட்ஜும் 1996இல் கொடுத்த பின்ன லாஜிட் அவற்றில் ஒன்று. பிரேட்டரின் அட்டவணையில் அந்தச் சிக்கல் இல்லை. R மென்பொருளில் ஒரு வரி போதும்:

```
betareg(yield ~ batch + temp, data = GasolineYield)
```

வெப்பநிலைக்கு வரும் கெழு 0.011. பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். 'ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 0.011 கூடும்' என்று எழுதிவிடுகிறார்கள். கெழு பேசுவது பங்கைப் பற்றி அல்ல, பங்கின் லாஜிட்டைப் பற்றி. அதாவது, பெட்ரோலான பகுதியை ஆகாத பகுதியால் வகுத்து, அதற்கு மடக்கை எடுத்த எண்ணைப் பற்றி. பத்து டிகிரிக்கு 0.11, அதை மடக்கையிலிருந்து மீட்டால் 1.116. ஆக, பத்து டிகிரி கூடினால் 'ஆனதற்கும் ஆகாததற்குமான விகிதம்' 11.6 சதவீதம் கூடுகிறது.

இதை 'பெட்ரோல் 11.6 சதவீதம் கூடுகிறது' என்று சுருக்குவது அடுத்த வழுக்கல். முதல் வகை எண்ணெயை 300 டிகிரியில் பார்ப்போம். மாதிரி சொல்லும் பங்கு 24.2 சதவீதம். 310 டிகிரியில் 26.3. கூடியது 2.1 சதவீதப் புள்ளி. பத்தாம் வகை எண்ணெயில் அதே 300 டிகிரிக்கு 5.4 சதவீதம்தான், 310இல் 6.0 சதவீதம் வருகிறது. கூடியது சுமார் 0.6 புள்ளி. கெழு ஒன்றே, ஆனால் சுத்திகரிப்பு ஆலைக்காரருக்குக் கிடைக்கும் பலன் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

ஆகவே கெழுவையும் நட்சத்திரக் குறிகளையும் மட்டும் அட்டவணையில் வைத்துவிட்டு ஒதுங்குவது, என் பார்வையில், பாதி அறிக்கைதான். 'முதல் வகையில் 300இலிருந்து 310 டிகிரிக்குப் போனால் பங்கு 24.2இலிருந்து 26.3 சதவீதமாகிறது' என்று தொடக்கப் புள்ளியைச் சேர்த்து எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குகிறோம் என்று சொல்லாத புள்ளிக் கணக்குக்கு இங்கே பொருளில்லை. சிதறலைக் கட்டுப்படுத்தும் ஃபை என்ற எண்ணையும் தர வேண்டும். இங்கே அது சுமார் 440. அது பெரிதாக இருந்தால் சிதறல் சிறிது. 24 சதவீதத்தருகே அளவீடுகள் இரண்டு புள்ளி அளவில் சிதறும், 5 சதவீதத்தருகே ஒரு புள்ளி அளவில்.

இனி மாதிரி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வகைக்கு நான்கு அளவீடுகள். 205 டிகிரியில் உண்மையில் கிடைத்தது 12.2 சதவீதம், மாதிரி சொல்வது 10.1. நடுவே 345இல் 34.7க்கு 34.3, நல்ல பொருத்தம். 407இல் கிடைத்தது 45.7; மாதிரியோ 50.8 என்கிறது. கீழ் முனையில் குறைத்தும் மேல் முனையில் கூட்டியும் சொல்வது லாஜிட் வளைவு சற்றுத் தவறான வடிவம் என்பதற்கான அடையாளம். அந்தக் கடைசி ஒரு அளவீட்டை நீக்கிவிட்டு ஓட்டினால் கெழுக்கள் பெரிதாக அசைவதில்லை, ஃபை மட்டும் 440இலிருந்து சுமார் 578க்குத் தாவுகிறது.

அளவீட்டை வீசிவிடுவதைவிட வளைவை மாற்றிப் பார்ப்பது மேல். லாக்-லாக் என்ற இணைப்பு இந்தத் தரவுக்கு லாஜிட்டைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அதற்கு மாறிய கணமே '11.6 சதவீதம்' என்ற வாக்கியம் செல்லாததாகிவிடும். அந்தக் கெழுவுக்கு 'ஆனதும் ஆகாததும்' விளக்கம் கிடையாது. எந்த வகை, எந்த வெப்பநிலையிலிருந்து எதற்கு, எத்தனை சதவீதப் புள்ளி என்று எழுதிய வாக்கியத்தில் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.